பத்து இலட்சம் எப்படி ஆறு இலட்சமாச்சு?

கணக்குக்கூற்றில் இரண்டே இரண்டு எண்கள்தான் அண்ணையின் கண்ணில் பட்டன. முகப்பெறுமதி 1,000,000 ரூபா. அதற்குப் பக்கத்து நிரலில் சந்தைப் பெறுமதி 596,600 ரூபா. 2022 டிசம்பர் மாதம். கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு முன் விறாந்தையில், பிளேன்டியும் வடையும் நடுவில் இருக்க, அந்தத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"மாஸ்டர், கவண்மேந்து என்ர காசில கைவைச்சிட்டுதோ? நாலு இலட்சம் எங்க போச்சு?"

அவருடைய மகன் வெள்ளவத்தையில் நான் எடுக்கும் மாலை வகுப்புக்கு வருகிறவன். வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறான். திறைசேரி முறி பற்றிய பாடத்தை முடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. தகப்பனுக்கு விளக்கப்போய், இடைநடுவில் சிக்கி, "சேரைக் கேளுங்கோ" என்று கைகழுவிவிட்டான். அண்ணைக்குப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. ஐந்து வருட முறி ஒன்றை 2021 டிசம்பரில் வாங்கியிருந்தார். முகப்பெறுமதி பத்து இலட்சம், கூப்பன் 10 சதவீதம், முதிர்வு 2026 டிசம்பர். (எண்களை வகுப்புக் கணக்குக்கு ஒத்துவரும்படி கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன். விஷயம் மாறாது.)

முதலில் அவருடைய கேள்விக்கு நேரான பதில்: அரசாங்கம் கைவைக்கவில்லை. முறியில் எழுதிக்கொடுத்த வாக்கில் ஒரு சதமும் குறையவில்லை. வருடம் ஒரு இலட்சம் வட்டி, கடைசியில் முதல் பத்து இலட்சம், அவ்வளவும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வாக்கை இன்றைக்கு இன்னொருவருக்கு விற்கப்போனால் அவர் என்ன தருவார் என்பதுதான் மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதற்கு அந்த வருடம் ஏப்ரல் மாதத்துக்குப் போகவேண்டும்.

2022 ஏப்ரல் 7 ஆம் திகதி நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராகப் பதவியேற்றார். அடுத்த நாளே கொள்கை வட்டி வீதங்கள் ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டப்பட்டன. துணைநில் வைப்பு வசதி வீதம் 6.50 இலிருந்து 13.50 ஆனது. கடன்வழங்கல் வசதி வீதம் 7.50 இலிருந்து 14.50 ஆனது. திறைசேரி உண்டியல் ஏலங்கள் அதையும் தாண்டி ஓடின. 2021 முடிவில் எட்டுச் சதவீதத்தை ஒட்டி நின்ற 364 நாள் உண்டியல், அந்த ஏப்ரல் முடிவதற்குள் 20 ஐத் தாண்டியது. வருட முடிவில் முப்பதுக்குக் கிட்ட வந்துவிட்டது. அண்ணையின் கையிலோ பத்துச் சதவீத முறி.

"அது விளங்குது. எனக்குப் பத்துத்தான் வரும், மற்றவனுக்கு இருபத்தெட்டு வரும். அது என்ர விதி. ஆனா முதலேன் குறையோணும்?"

எல்லாரும் தடக்கி விழுகிற இடம் இதுதான். வட்டி குறைந்த முறி என்பது ஒன்று, முதல் குறைந்த முறி என்பது இன்னொன்று என்று மனம் பிரித்துப் பார்க்கிறது. புறக்கோட்டை வியாபாரிக்கு இதை விளக்க வகுப்பறைப் பலகை தேவையில்லை. அவர் தினம் செய்கிற ஒரு வேலையிலேயே விடை இருக்கிறது.

"அண்ணை, உங்களுக்கு ஒருத்தன் ஒரு வருசம் கழிச்சுத் திகதி போட்ட செக் தாறான். 110 ரூபா. உங்களுக்கு இண்டைக்கே காசு வேணும். செக் மாத்துறவரிட்டப் போறீங்கள். அவர் வருசத்துக்குப் பத்து வீதம் எடுக்கிறவர் எண்டா என்ன தருவார்?"

"நூறு."

"இருபது வீதமெண்டா?"

கல்குலேற்றர் அவருக்குத் தேவைப்படவில்லை. "தொண்ணூற்றொண்டு, தொண்ணூற்றிரண்டு."

91 ரூபா 67 சதம். அந்தத் தொகைக்கு இருபது வீதம் கூட்டினால் சரியாக 110 வரும். செக்கில் எழுதிய தொகை மாறவில்லை. எழுதியவரும் மாறவில்லை, வங்கியும் மாறவில்லை. மாற்றித் தருகிறவர் கேட்கும் வீதம் மட்டும் ஏறியது. அதனால் கையில் கிடைக்கும் காசு குறைந்தது. ஒரு வருடம் மிச்சமிருக்கும் பத்து வீத முறி என்றால் அது 110 ரூபாவுக்கான அந்த ஒரு செக்தான். வேறொன்றும் இல்லை.

ஐந்து வருட முறி என்பது ஐந்து செக்குகள் கொண்ட கட்டு. முதல் நான்கும் பத்துப் பத்து ரூபா. ஐந்தாவது 110, கடைசி வட்டியும் முதலும் சேர்த்து. ஒவ்வொன்றையும் அதனதன் திகதிக்கு ஏற்றபடி தனித்தனியே மாற்றிக் கூட்டினால் முறியின் விலை வந்துவிடும். பத்து வீதத்தில் மாற்றினால் கூட்டுத்தொகை சரியாக 100. அதனால்தான் வாங்கிய அன்று நூறுக்கு நூறு கொடுத்தார். வீதம் இருபதாக ஏறினால் என்ன ஆகும் என்று வகுப்பில் பலகையில் இப்படி எழுதினேன். மகனின் கொப்பியில் அப்படியே இருந்தது:

```
10  ÷ 1.20    =  8.33
10  ÷ 1.44    =  6.94
10  ÷ 1.728   =  5.79
10  ÷ 2.0736  =  4.82
110 ÷ 2.48832 = 44.21
               -------
                70.09
```

இடது பக்கம் முறி தருகிற காசு. அதை யாரும் தொடவில்லை. வகுக்கும் எண் 1.20 ஐ வருடத்துக்கு ஒரு தடவை பெருக்கிக்கொண்டே போகிறது. வட்டிக்கு வட்டி என்பதால் அப்படி. வலது பக்கம் இன்றைய பெறுமதி. இழப்பு எந்த வரியில் அதிகம் என்று பாருங்கள். முதல் வட்டி பத்து ரூபாவிலிருந்து 8.33 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசி 110 தான் 44 ஆகச் சுருங்கிவிட்டது. ஐந்து வருடம் காத்திருக்கவேண்டிய காசு என்பதால் வீதம் அதை ஐந்து தடவை தின்கிறது. "முதல் ஏன் குறையவேண்டும்" என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது: முதல்தான் எல்லாவற்றுக்கும் பிந்தி வருகிற செக்.

இந்த விலையை யாரும் உத்தரவு போட்டு இறக்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. அண்ணைக்கு மத்திய வங்கியில் யாரோ ஒருவர் இருந்து விலையை அடிக்கிறார் என்ற சந்தேகம் இருந்தது. அப்படியில்லை. அன்றைக்கு ஏலத்தில் புது முறி வாங்குகிறவருக்கு நூறு ரூபாவுக்கு இருபது ரூபா வட்டி கிடைக்கிறது என்றால், அதே அரசாங்கம் எழுதிய பழைய பத்து ரூபா முறிக்கு அவர் ஏன் நூறு கொடுக்கவேண்டும்? கொடுக்கமாட்டார். எவ்வளவு குறைத்தால் இரண்டும் அவருக்குச் சமமோ அவ்வளவு குறைத்துக் கேட்பார். எழுபதுக்கு வாங்கினால் வருடம் பத்து வட்டியும், கடைசியில் எழுபதுக்கு நூறும் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு இருபது வீதமாகிவிடுகிறது. முறியின் வட்டியை மாற்ற முடியாது. அது எழுதி முடிந்த சமாசாரம். மாறக்கூடியது விலை ஒன்றுதான். அதனால் முழுச் சுமையும் விலையின் தலையில் விழுகிறது.

நூறு ரூபாவுக்கு எழுபது. அண்ணையின் கூற்றில் அதையும் விடக் குறைய, 59.66 என்று இருந்ததற்குக் காரணம் வீதம் இருபதில் நிற்கவில்லை என்பதுதான். டிசம்பரில் அந்த வயதுள்ள முறிக்குச் சந்தை கேட்ட வீதத்தை 28 என்று போட்டுப் பாருங்கள். ஒரு வருடம் ஓடிவிட்டதால் மிச்சம் நான்கு செக். 10 ஐ 1.28 ஆல் வகுக்க 7.81. அடுத்தது 6.10. அதற்கடுத்தது 4.77. கடைசி 110 ஐ 2.684 ஆல் வகுக்க 40.98. கூட்டினால் 59.66. பத்து இலட்சத்துக்கு 596,600. தாளில் இருந்த எண் வானத்தில் இருந்து வரவில்லை. கடைக்காரர் ஒருவர் பேனையும் கடதாசியும் வைத்துப் போடக்கூடிய கணக்கு அது. உண்மையான திறைசேரி முறி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி தரும் என்பதால் டீலர் போடும் கணக்கில் ஒன்றரை ரூபா அளவு வித்தியாசம் வரும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது பிளேன்டி வந்தது. அண்ணை இப்போது வேறு கேள்விக்குத் தாவினார். அவருடைய மைத்துனர் பத்து வருட முறி வைத்திருக்கிறாராம். அவருக்கு இன்னும் கூட அடி விழுந்திருக்குமா?

விழுந்திருக்கும். காத்திருக்கும் காலம் கூடக் கூட, வீதம் தின்னும் தடவைகளும் கூடும். பத்து வீதக் கூப்பன், சந்தை வீதம் பத்திலிருந்து இருபது. ஒரு வருட முறி 91.67 க்கு இறங்குகிறது. ஐந்து வருட முறி 70.09. பத்து வருட முறி 58.08. சரி, முப்பது வருடம் என்றால்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் இருபது, முப்பது என்று பயங்கரமான விலைகளைச் சொல்வார்கள். விடை 50.21. எவ்வளவு நீட்டினாலும் ஐம்பதுக்குக் கீழே போகவே போகாது. வருடம் பத்து ரூபா என்றென்றைக்கும் வந்துகொண்டிருந்தால்கூட இருபது வீதத்தில் அதன் விலை ஐம்பது. மிகத் தொலைவில் உள்ள முதல் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது, கிட்ட வரும் வட்டிதான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. எனவே நீளம் கூடினால் ஆபத்து கூடும் என்பது சரி. ஆனால் பத்து வருடத்தை முப்பதாக்கினால் மூன்று மடங்கு ஆபத்து என்று நினைத்தால் பிழை.

சாதாரண நாட்களில் இவ்வளவு பெரிய ஆட்டம் வராது. வீதம் பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறினால் அதே ஐந்து வருட முறி 100 இலிருந்து 96.30 க்கு வரும், அவ்வளவுதான். ஒரு சதவீதத்துக்கு மூன்று ரூபா எழுபது சதம். 2022 ஐ அந்த அளவுகோலால் அளக்க முடியாது என்பதால்தான் பலருக்கும் தலை சுற்றியது.

"அப்ப இதை வித்துப்போட்டு, வாற காசை இருபத்தெட்டு வீதத்தில போட்டா என்ன? பத்து வீதத்தில கிடந்து சாகாம?"

அந்த வருடம் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இதைக் கேட்டிருப்பார்கள். வங்கிகளே நிலையான வைப்புக்கு இருபதுக்கு மேல் கொடுத்த காலம். பழைய முறியைத் தள்ளிவிட்டுப் புது வீதத்துக்கு ஓடினால் தப்பலாம் என்று தோன்றுவது இயல்பு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம் என்று தாளைத் திருப்பினேன்.

விற்றால் கையில் 596,600. நான்கு வருடத்துக்கு 28 வீதத்தில், வட்டிக்கு வட்டியாகப் போட்டால் 2026 முடிவில் ஏறத்தாழ 16 இலட்சம். விற்காமல் வைத்திருந்தால்? வருடம் ஒரு இலட்சம் வட்டி வரும். வர வர அதையும் அதே 28 வீதத்தில் போட்டுவந்தால் நான்கு வட்டிகளும் சேர்ந்து 6 இலட்சத்துச் சொச்சம் ஆகும். முதல் 10 இலட்சம். மொத்தம் அதே 16 இலட்சம்.

அண்ணை இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். தற்செயலாக வந்த பொருத்தம் இல்லை இது. 596,600 என்ற விலையே, இரண்டு வழியும் சமமாக வரும்படி பிறந்த விலை. புது வீதத்தின் நன்மை முழுவதையும் வாங்குகிறவர் ஏற்கெனவே விலையில் கழித்துவிட்டார். விற்று ஓடுகிறவர் பழைய வீதத்திலிருந்து தப்புவதில்லை. நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகப் பெறவேண்டிய வட்டியை ஒரே நாளில் மொத்தமாக இழந்துவிட்டு, பிறகு சந்தை வீதத்தில் சம்பாதிக்கத் தொடங்குகிறார். இழப்பு நடந்தது ஏப்ரலிலிருந்து, வீதம் ஏற ஏற. விற்பதால் அது உண்டாகவும் இல்லை, விற்காமல் விடுவதால் அது இல்லாமற் போகவும் இல்லை.

அதுவும் டீலர் ஒன்றும் எடுக்காமல் விட்டால்தான் சமம். விடமாட்டார். முதனிலை வணிகரிடம் விலை கேட்டால் இரண்டு வீதம் சொல்வார்கள்: "29, 27." இந்த இடத்தில் கவனம் தேவை. கூடிய எண் அவர் உங்களிடம் வாங்கும் வீதம். 29 என்று கேட்டவுடன் நல்ல வீதம் கிடைக்கிறது என்று சந்தோசப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் விற்கிறவர் என்றால் கூடிய வீதம் உங்களுக்குக் குறைந்த விலை. அண்ணையின் முறிக்கு 29 வீதம் என்றால் 581,400 ரூபா. அதையே அவர் இன்னொருவருக்கு 27 வீதத்தில் விற்றால் 612,400. இடையில் 31,000 ரூபா. சந்தை அமைதியாக இருக்கும்போது இந்த இடைவெளி மயிரிழைதான். கலங்கிய நேரத்தில் விரியும். சிறிய தொகை வைத்திருப்பவருக்கு இன்னும் விரியும்.

வீதத்தையும் விலையையும் இப்படித் தலைகீழாக வாசிக்கத் தெரிந்தால் இந்த நாட்டின் பெரிய வழக்கொன்றும் விளங்கும். 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி முப்பது வருட முறி ஏலம். ஒரு பில்லியன் ரூபாவுக்குத்தான் அறிவித்தார்கள், பத்து பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள். பிணைமுறி மோசடி என்று வருடக்கணக்காகப் பேசினோம். பேசியவர்களில் பாதிப்பேருக்கு நட்டம் எங்கே வந்தது என்று தெரியாது. ஏலத்தில் ஆழமாக இறங்கி மேலும் மேலும் கேள்விகளை ஏற்றுக்கொண்டால் கூடிய வீதம் கேட்டவர்களும் உள்ளே வருகிறார்கள். கூடிய வீதம் என்றால் குறைந்த விலை. அரசாங்கம் முப்பது வருடத்துக்கு எழுதிக்கொடுக்கும் அதே வாக்குக்குக் குறைந்த காசு வாங்கிக்கொள்கிறது. ஆணைக்குழு விசாரித்த கேள்விகளில் பாதி இந்த ஒரு வாய்ப்பாட்டுக்குள் அடங்கும்.

திரும்ப அண்ணையிடம். மேலே போட்ட சமன்பாட்டில் ஒரு கண்டம் இருக்கிறது. நான்கு வருடமும் 28 வீதமே கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அவர் மனதில் இருந்ததோ 364 நாள் உண்டியல். ஒரு வருடத்துக்கு மட்டும்தான் அந்த வீதம் உறுதி. அடுத்த வருடம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

பிறகு நடந்தது எங்களுக்கு இப்போது தெரியும். 2023 மார்ச்சில் கடைசியாக ஒரு தடவை கொள்கை வீதத்தை ஏற்றினார்கள். ஜூன் முதலாம் திகதி இரண்டரைப் புள்ளி இறக்கினார்கள், ஜூலையில் இன்னொரு இரண்டு. நவம்பரில் துணைநில் வைப்பு வீதம் 9 க்கு வந்துவிட்டது. முறிகளின் வீதமும் கூடவே சரிந்தது. வருட முடிவில் மூன்று வருட முறிக்கு 14 வீதம் என்று போடுங்கள். அண்ணை 2022 டிசம்பரில் விற்று, 29 வீத உண்டியலில் போட்டு, அது முதிர்ந்ததும் மிச்ச மூன்று வருடத்துக்கு 14 வீதத்தில் போட்டிருந்தால் 2026 முடிவில் ஏறத்தாழ 11 இலட்சத்து 40 ஆயிரம். முறியை வைத்திருந்து வட்டிகளை அதே 14 வீதத்தில் போட்டிருந்தால் 14 இலட்சத்து 90 ஆயிரம். மூன்றரை இலட்சம் வித்தியாசம்.

இதைச் சொல்லி நான் புத்திசாலி என்று காட்டிக்கொள்ள முடியாது. 2022 டிசம்பரில் வீதம் இறங்கும் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடிந்திருக்காது. அது நாற்பதுக்கு ஏறி அங்கேயே நின்றிருந்தால் கணக்குத் தலைகீழ்: விற்றவருக்கு 21 இலட்சம், வைத்திருந்தவருக்கு 17 இலட்சம். அன்று நான் அண்ணைக்குச் சொன்னது, விற்பது தப்பும் வழி அல்ல, வீதம் இன்னும் ஏறும் என்று கட்டும் பந்தயம் என்பது மட்டுமே. அந்தப் பந்தயத்தைக் கட்ட அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. கடைக்கு அவசரக் காசும் தேவைப்படவில்லை. முறி லாச்சிக்குள் போய்விட்டது.

ஒரு வருடம் கழித்து வந்த கூற்றில் 907,000 ரூபா. "நான் ஒண்டும் செய்யேல்லையே, எப்பிடி ஏறிச்சுது?" என்று தொலைபேசியில் கேட்டார். இரண்டு காரியம் நடந்திருந்தது. வீதம் ஒரு துளியும் மாறாமல் 28 இலேயே நின்றிருந்தால்கூட, நான்கு செக் மூன்றாகி, 110 ரூபா செக் ஒரு வருடம் கிட்ட வந்துவிட்டதால் விலை 59.66 இலிருந்து 66.37 க்கு ஏறியிருக்கும். முதிர்வு நெருங்க நெருங்க விலை தானாகவே நூறை நோக்கி நகரும். வீதம் அதைத் தடுக்க முடியாது, கொஞ்சம் தாமதிக்க வைக்கலாம். 66 க்கும் 90.71 க்கும் இடையில் உள்ள மிச்சம்தான் வீதம் 14 க்கு இறங்கியதால் வந்தது. முந்தின டிசம்பரில் துணிந்து 59.66 க்கு அதை வாங்கிய ஒருவருக்கு, ஒரு வட்டி பத்து ரூபாவும் சேர்த்து, ஒரே வருடத்தில் நூற்றுக்கு 68 க்கு மேல் இலாபம்.

ஏன் எல்லாரும் துணியவில்லை? இரண்டு பயம். ஒன்று, 2022 ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியிருந்தது. உள்நாட்டு முறியிலும் கைவைப்பார்களா என்ற கேள்வி அந்த வருடம் முழுவதும் காற்றில் தொங்கியது. அன்றைய 28 வீதத்துக்குள் அந்தப் பயத்துக்கான கூலியும் இருந்தது, சும்மா வட்டி மட்டும் இல்லை. எங்களுடைய வாய்ப்பாடு செக் கட்டாயம் மாறும் என்று வைத்துத்தான் வேலை செய்கிறது. செக் திரும்பிவிடுமோ என்ற சந்தேகம் வந்தால் அதையும் வீதத்துக்குள் ஏற்றித்தான் சந்தை விலை சொல்லும். 2023 ஜூன் மாதக் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தபோது, ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களின் முறிகள்தான் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. புது முறிகளுக்கு முதலில் 12 வீதம், பிறகு 9 வீதம். முகப்பெறுமதியை வெட்டவில்லை என்று சொன்னார்கள். உண்மைதான். ஆனால் சந்தை வீதம் அதையும் விட உயர நிற்கும்போது செக்குகளின் திகதியைத் தள்ளிப்போட்டு வட்டியையும் குறைத்தால் இன்றைய பெறுமதி என்ன ஆகும் என்பதை இவ்வளவு தூரம் வாசித்தவர் தானே போட்டுப் பார்க்கலாம்.

மற்றப் பயம் விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். வருடம் பத்து வீதம் தருகிற முறி ஒரு சதமும் குறையாமல் காசைத் திருப்பித் தரும். அந்தக் காசுக்கு எத்தனை மூட்டை அரிசி வரும் என்பதற்கு அது பொறுப்பில்லை. அண்ணைக்கு மெய்யாகவே வலித்த நட்டம் இதுதான். கூற்றில் அதற்கு நிரல் கிடையாது.

தனி ஆளுக்கு லாச்சி இருக்கிறது. வங்கிக்கு? 2022 இல் எங்கள் வங்கிகளும் பழைய, குறைந்த வட்டி முறிகளை மூட்டை மூட்டையாக வைத்திருந்தன. அவற்றில் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டுக் கணக்கில் காட்டவேண்டும். காட்டியிருந்தால் பல வங்கிகளின் மூலதனத்தில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். அதனால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் விசேடமாக ஒரு வழி திறந்துவிட்டது: அந்த முறிகளை, முதிர்வு வரை வைத்திருக்கும் வகைக்கு மாற்றி, சந்தை விலையை விட்டு வாங்கிய விலைக் கணக்கில் பதியலாம். நட்டம் மறைந்துவிடவில்லை, ஐந்தொகையில் தெரியாத இடத்துக்குப் போனது. ஒரு வங்கி அந்த முறிகளை அவசரமாக விற்கவேண்டி வராத வரைக்கும் அது போதும்.

அவசரம் வந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் சிலிக்கன் வேலி வங்கி காட்டியது. வட்டி அடிமட்டத்தில் கிடந்தபோது வைப்பாளர்களின் காசை நீண்டகால அரச முறிகளிலும் வீட்டுக்கடன் பத்திரங்களிலும் போட்டிருந்தார்கள். நல்ல கடனாளிகள், ஒரு செக்கும் திரும்பவில்லை. வீதம் ஏறியது, விலைகள் இறங்கின. வைப்பாளர்கள் காசு கேட்க, 21 பில்லியன் டொலர் பத்திரங்களை விற்று 1.8 பில்லியன் நட்டப்பட்டதாக 2023 மார்ச் 8 ஆம் திகதி அறிவித்தார்கள். அடுத்த நாள் ஒரே நாளில் 42 பில்லியன் டொலரை வைப்பாளர்கள் வெளியே எடுத்தார்கள். 10 ஆம் திகதி வங்கி மூடப்பட்டது.

அண்ணையின் மைத்துனர் தன்னுடைய பத்து வருட முறியை அந்த டிசம்பரிலேயே விற்றுவிட்டார். மகளின் கலியாணத்துக்குத் தைமாதம் நாள் குறித்திருந்தார்கள்.